கண்ணில் மினுங்கும் வளைகோடும் அதன் பின் வரும் தலைவலியும்: மைக்ரேன் ஆரா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு எழுத்து காணாமல் போகிறது. பிறகு அந்த இடத்தில் மினுமினுப்பு வந்து வளைகோடாக விரிகிறது. அரை மணி நேரத்தில் தலைவலி. கண்ணில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் சொல்வது மைக்ரேன் ஆராவின், அதாவது ஒற்றைத் தலைவலிக்கு முன்னோடியாக வரும் உணர்வுக் குழப்பத்தின், அச்சு அசலான வருணனை. அது நடக்கும் இடம் கண்ணல்ல, பின்மண்டையில் இருக்கும் மூளைப் புறணி. புறணி என்பது மூளையின் மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் சில மி.மீ. தடிமனுள்ள செல் அடுக்கு. பார்வைக்கான பகுதி அதன் பின்கோடியில் இருக்கிறது.

அடுத்த முறை வரும்போது ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வலக்கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு இடக்கண்ணை. இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில், ஒரே பக்கத்தில் மினுங்கினால் அது மூளையிலிருந்து வருகிறது. பார்வைப் புலத்தின் இடப் பாதியை வலப்பக்க மூளையும் வலப் பாதியை இடப்பக்க மூளையும் பார்க்கின்றன. இரு கண்களிலிருந்தும் வரும் செய்தி அங்கே ஒன்றாகச் சேர்கிறது. அதனால்தான் எந்தக் கண்ணை மூடினாலும் காட்சி போவதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாலும் மினுக்கம் தொடர்வதைப் பலர் கவனித்திருப்பார்கள்.

பலர் “இடது கண்ணில் வந்தது” என்றே மருத்துவரிடம் சொல்கிறார்கள். உண்மையில் வந்தது இடப்பக்கப் பார்வையில். இந்தச் சோதனையைச் செய்யாமல் போனால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஒரே ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால் விழித்திரையிலோ அதன் இரத்த ஓட்டத்திலோ சிக்கல் இருக்கலாம். அப்போது தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

அந்த வளைகோடு முதலில் நகரவே மாட்டேன் என்கிறது. ஓரத்துக்குப் போகப் போக விறுவிறுவென்று ஓடுகிறது. ஏன் இப்படி?

ஆராவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி இந்தக் கேள்விக்கான பதிலிலிருந்து வந்ததுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மூளையில் பார்வைக்கென்று ஒரு வரைபடம் இருக்கிறது. ஆனால் அது நேர்மையான அளவில் வரைந்த படமல்ல. நீங்கள் உற்றுப் பார்க்கும் புள்ளிக்கும் அதைச் சுற்றியுள்ள சிறு வட்டத்துக்கும் மிகப் பெரிய நிலப்பரப்பு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஓரப் பார்வைக்கோ கொஞ்சம்தான். நடுவிலுள்ள சில பாகை அகலம் புறணியில் பெரும் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஓரத்தில் இருபது பாகை அகலம் ஒரு விரல் கனத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது அந்த வரைபடத்தின் மேல் ஓர் அலை நிமிடத்துக்கு 3 மி.மீ. என்ற மாறாத வேகத்தில் ஊர்வதாக வைத்துக்கொள்வோம். நமக்கு அது எப்படித் தெரியும்? ஹார்ட்டன், ஹாய்ட் இருவரும் 1991-ல் வெளியிட்ட மனிதப் புறணிக் கணக்கைக் கொண்டு போட்டுப் பார்த்தால், மையத்திலிருந்து 1 பாகையில் உள்ள புள்ளிக்கும் 5 பாகையில் உள்ள புள்ளிக்கும் இடையே புறணியில் சுமார் 20 மி.மீ. தூரம். அதைக் கடக்க ஏறக்குறைய 7 நிமிடம். 5-லிருந்து 10 பாகை வரை 11 மி.மீ., அதற்கு 4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 10-லிருந்து 20 வரைக்கும் அதே 11 மி.மீ.தான். 20-லிருந்து 40 வரைக்கும் ஏறக்குறைய அதே தூரம், அதே 4 நிமிடம். அதாவது ஒவ்வொரு நான்கு நிமிடத்திலும் மினுக்கம் இரண்டு மடங்கு தூரம் தாவியதுபோல் தெரிகிறது. மூளையில் வேகம் கூடவில்லை. வரைபடம்தான் சுருங்கிக்கொண்டே போகிறது. மொத்தத்தையும் கூட்டினால் 18 நிமிடம். தொடக்கத்தில் மையத்தருகே தயங்கிய சில நிமிடங்களையும் சேர்த்தால், பலர் சொல்லும் 20, 25 நிமிடக் கணக்கு அப்படியே வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர். தன் ஆரா நிமிடத்துக்கு நிமிடம் விரிவதைத் தாளில் வரைந்து, புறணியின் அளவோடு ஒப்பிட்டு, ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மி.மீ. வேகத்தில் மூளையில் நகர்கிறது என்று 1941-ல் எழுதினார். அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்பது அவருக்குத் தெரியாது.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்க முடியுமா?

முடியும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் முதலில் ஓரமாக நிறுத்துங்கள், அளவெல்லாம் அப்புறம்.

ஒரு பெரிய சார்ட் தாளைச் சுவரில் ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணிலிருந்து தாள் சரியாக 50 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும். இந்தத் தூரத்தில் 5 பாகை என்பது புள்ளியிலிருந்து 4.4 செ.மீ., 10 பாகை 8.8 செ.மீ., 20 பாகை 18 செ.மீ. இவற்றை முன்கூட்டியே வட்டங்களாக வரைந்து வைத்தால் வேலை எளிது. ஆரா தொடங்கியதும் புள்ளியையே பார்த்தபடி, மினுக்கத்தின் வெளி விளிம்பை நிமிடத்துக்கு ஒரு முறை பென்சிலால் குறித்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். தலையை முன்னே நீட்டிவிடுவதும், மினுக்கத்தையே துரத்திப் பார்ப்பதும்தான் வழக்கமாக நடக்கும் தவறுகள். கண் நகர்ந்தால் மினுக்கமும் கூடவே நகரும், குறித்தது வீணாகும்.

முந்தைய பதிலில் போட்ட கணக்கு இந்தத் தாளில் எப்படித் தெரியும் என்று பாருங்கள். 1 பாகையிலிருந்து 5 பாகைக்குப் போகும் 7 நிமிடத்தில் விளிம்பு மூன்றரை செ.மீ.தான் நகரும். அடுத்த நான்கு நிமிடத்தில் நாலரை செ.மீ. அதற்கடுத்த நான்கு நிமிடத்தில் ஒன்பது செ.மீ.க்கு மேல். உங்கள் தாளிலும் இடைவெளிகள் இப்படி ஏறிக்கொண்டே போனால், புறணியில் ஓர் அலை சீராக ஊர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், ஏனென்றால் பார்வைப் புறணியின் பரப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. ஏறுமுகமான அந்த ஒழுங்கைத்தான் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது தாளையும் எடுத்துப் போங்கள். வாய்ச்சொல்லைவிட அது நிறையச் சொல்லும்.

அந்த அலை என்னதான்? மின்சாரமா?

நரம்பில் ஓடும் வழக்கமான மின்துடிப்பு அல்ல. அது நொடிக்குப் பல மீட்டர் பாயும். இது நிமிடத்துக்கு 2 முதல் 5 மி.மீ. ஊரும். ஈரத்துணியில் மை ஊறுவதோடு ஒப்பிடலாம்.

1944-ல் அரிஸ்டிடிஸ் லியாவோ என்ற பிரேசில் நாட்டு ஆய்வாளர் ஹார்வர்டில் முயலின் மூளையில் வலிப்பு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். புறணியில் ஓரிடத்தைத் தூண்டியபோது வலிப்பு வரவில்லை. மாறாக, அந்த இடத்தில் மின்செயல்பாடு அடங்கிப்போனது. அந்த அடக்கம் பக்கத்துப் பகுதிக்கும், அதற்கடுத்த பகுதிக்குமாக மெல்லப் பரவியது. அதற்கு அவர் வைத்த பெயர்தான் ஸ்பிரெடிங் டிப்ரெஷன். தமிழில் ‘பரவும் ஒடுக்கம்’ எனலாம். புறணியில் நடப்பதால் கார்ட்டிகல் என்ற அடைமொழியும் சேர்ந்தது. லாஷ்லியின் 3 மி.மீ. கணக்கும் லியாவோவின் அலையும் ஒரே வேகத்தில் போகின்றன என்பதை 1958-ல் பீட்டர் மில்னர் எடுத்துக்காட்டினார்.

செல்களின் மட்டத்தில் நடப்பது இது. நரம்புச் செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் நிறைய, வெளியே கொஞ்சம். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் செல் வேலை செய்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் ஓரிடத்தில் வெளிப் பொட்டாசியம் ஒரு வரம்பைத் தாண்டினால், அங்குள்ள செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே, வெளியிலிருந்த சோடியமும் கால்சியமும் உள்ளே. லிட்டருக்கு 3 மில்லிமோல் அளவில் இருந்த வெளிப் பொட்டாசியம் 30-க்கும் மேலே ஏறுகிறது. கூடவே குளூட்டமேட் என்ற தூண்டு வேதிப்பொருளும் வெளியே சிந்துகிறது. இரண்டும் பக்கத்துச் செல்களுக்குக் கசிந்து அவற்றையும் கொட்ட வைக்கின்றன. அலை நகர்வது இப்படித்தான்.

அலையின் முகப்பில் செல்கள் கொஞ்ச நேரம் வெறிகொண்டு துடிக்கின்றன. அதுதான் மினுக்கம். பார்வைப் புறணிச் செல்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்குத்தான் அசையும். அவை வரிசையாகத் துடிக்கும்போது நமக்குக் கோட்டைக் கொத்தளம்போல் முறுக்குக் கோடுகள் தெரிகின்றன. முகப்பு கடந்ததும் ஒரு நிமிட அளவுக்குச் செல்கள் முழுக்க வாயடைத்துப் போகின்றன. பிறகு சோடியத்தை வெளியேற்றும் பம்புகள் ஓயாமல் உழைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்வரை சில நிமிடங்கள் மந்தமாகவே இருக்கின்றன. வளைகோட்டுக்கு உட்புறத்தில் எழுத்தே தெரியாத அந்தக் குருட்டுப் பட்டை இதுதான். மினுக்கம் முன்னே, குருடு பின்னே என்ற வரிசை மாறாமல் வருவதன் காரணமும் இதுதான்.

டிப்ரெஷன் என்கிறீர்களே, மனச்சோர்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இந்தப் பெயரில் இல்லை. இங்கே அந்தச் சொல் மின்செயல்பாடு அடங்குவதை மட்டுமே குறிக்கிறது.

முயலில் பார்த்தது சரி. மனிதரில் யாராவது நேரில் பார்த்தார்களா?

அலையின் மின்சாரத்தைத் திறக்காத மண்டை வழியே தெளிவாகப் பிடிப்பது கடினம். ஆனால் அது இரத்த ஓட்டத்தில் விட்டுச்செல்லும் தடத்தைப் பார்த்திருக்கிறார்கள். 1981-ல் கோப்பன்ஹேகனில் ஒலெசனும் சகாக்களும் கதிரியக்கச் செனான் செலுத்தி அளந்தார்கள். ஆராவின்போது இரத்த ஓட்டக் குறைவு பின்மண்டையில் தொடங்கி முன்னோக்கிப் படிப்படியாக ஊர்ந்தது.

இன்னும் துல்லியமான சான்று 2001-ல் பாஸ்டனில் ஹஜிகானியின் குழுவிடமிருந்து வந்தது. அவர்களிடம் வந்த ஒருவருக்குக் கூடைப்பந்து விளையாடினால் ஆரா வரும். அவரை விளையாட வைத்து, உடனே எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார்கள். ஆரா தொடங்கி விரிந்ததை அவர் சொல்லச் சொல்ல, பார்வைப் புறணியில் இரத்தச் சமிக்ஞை முதலில் ஏறி, பிறகு இறங்கி, நிமிடத்துக்கு 3.5 மி.மீ. அளவில் நகர்ந்தது பதிவானது. அறுபது வருடம் முன்னால் லாஷ்லி பென்சிலால் எடுத்த எண்ணுக்கும் இதற்கும் அரை மி.மீ.தான் வித்தியாசம்.

எனக்குக் கண்ணில் வருவதோடு விரல் மரத்து, பிறகு உதடும் மரத்துப் போகிறது. நடுவில் கை, தோள் ஒன்றும் ஆகவில்லையே?

அலை பார்வைப் புறணியைத் தாண்டித் தொடு உணர்வுப் புறணிக்குப் போயிருக்கிறது. அங்குள்ள வரைபடத்தில் கைக்கு அடுத்த வீடு முகம்தான். தோளும் உடம்பும் கையின் மறுபக்கம் இருக்கின்றன. அதனால் விரலில் தொடங்கிய மரப்பு உதட்டுக்கும் நாக்குக்கும் தாவியதாகத் தோன்றுகிறது. மூளையைக் கேட்டால் அது அடுத்த வீட்டுக்குத்தான் போனது. ஒரு விரலிலிருந்து இன்னொன்றுக்கு மரப்பு நகர நிமிடங்கள் ஆகும். இந்த மெதுநடைதான் ஆராவின் கையெழுத்து.

மூளைக்கே வலி தெரியாதாமே. அப்படியென்றால் வலிப்பது எது?

மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளும், அவற்றில் ஓடும் பெரிய இரத்தக் குழாய்களும். விழித்திருக்கும் நோயாளிகளுக்கு மண்டையைத் திறந்து அறுவை செய்தபோது, ரேயும் வுல்ஃபும் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்து 1940-ல் இதை வரைபடமாக்கினார்கள். மூளையைத் தொட்டால் ஒன்றும் இல்லை. டியூரா என்ற தடித்த வெளியுறையின் தமனிகளையும் பெரிய சிரைகளையும் தொட்டால் கடும் வலி. அந்த வலி தொட்ட இடத்தில் தெரியவில்லை, நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் தெரிந்தது.

இந்த உறைகளுக்கு நரம்பு தருவது ட்ரைஜெமினல் என்ற முக்கிளை நரம்பு. அதன் செல்கள் காதுக்கு முன்னே மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு முடிச்சாக இருக்கின்றன. ஒரு கிளை உறைக்குப் போகிறது. மறுமுனை மூளைத்தண்டுக்குப் போகிறது. கழுத்திலிருந்து வரும் மேல் நரம்புகளும் மூளைத்தண்டின் அதே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. மைக்ரேன்காரர்கள் “பிடரி பிடிச்சுக்கிச்சு” என்று சொல்வதன் காரணம் இங்கே இருக்கிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்-ரே மேல் எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு மூலம் தலைக்குள் இருக்கும்.

இரத்தக் குழாய் விரிவதால் விண்விண்ணென்று வலிக்கிறது என்றுதானே படித்தோம்?

அப்படித்தான் நீண்டகாலம் நம்பினார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. 1938-ல் கிரஹாமும் வுல்ஃபும் நோயாளிகளுக்கு இரத்தக் குழாயைச் சுருக்கும் எர்காட்டமின் மருந்தைக் கொடுத்து, நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்பை அளந்தார்கள். துடிப்பின் உயரம் இறங்க இறங்க வலியும் இறங்கியது. குழாய் சுருங்கும்போது ஆரா, விரியும்போது வலி என்ற அழகான கோட்பாடு பிறந்தது. துண்டால் தலையை இறுக்கிக் கட்டினால் சற்று ஆறுதல் கிடைக்கும் நம் வீட்டு அனுபவமும் அதற்குத் துணைநின்றது.

ஆனால் நேரத்தை ஒப்பிட்டபோது கோட்பாடு தடுமாறியது. ஒலெசனின் அளவீடுகளில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும்போதே தலைவலி தொடங்கிவிட்டது. ஓட்டம் கூடியது அதற்குப் பிறகு. 2013-ல் அமீனும் சகாக்களும் மைக்ரேன் தாக்குதல் நடக்கும்போதே தமனிகளைப் படம் எடுத்தார்கள். மண்டைக்கு வெளியே உள்ள தமனிகள் விரியவே இல்லை. உள்ளே இருப்பவை வலிக்கும் பக்கத்தில் சற்றே விரிந்திருந்தன. ட்ரிப்டான் வகை மைக்ரேன் மருந்தான சுமட்ரிப்டானைக் கொடுத்ததும் வலி குறைந்தது, ஆனால் உள்ளே விரிந்திருந்தவை சுருங்கவில்லை. சுருங்கியது வெளியே, விரியாமல் இருந்த தமனிகள். குழாயை விரிக்கும் மருந்தாக அறியப்பட்ட சில்டெனாஃபில், பெரிய மூளைத் தமனியை விரிக்காமலே மைக்ரேனைக் கிளப்புகிறது. வி.ஐ.பி. என்ற புரதத்துணுக்கோ, கொஞ்ச நேரம் செலுத்தும்போது தமனிகளை நன்றாக விரித்தும் மைக்ரேனைக் கிளப்பவில்லை. லாஸ்மிடிடான் என்ற மைக்ரேன் மருந்து குழாயைச் சுருக்காமலே வலியைக் குறைக்கிறது.

விண்விண்ணென்று தெறிப்பதையும் நீங்களே சோதிக்கலாம். ஒரு கையால் மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு, தலையில் ஒவ்வொரு தெறிப்புக்கும் மறுகையால் தொடையைத் தட்டுங்கள். பலருக்கு இரண்டு தாளமும் ஒத்துப்போகாது. ஆய்வுக்கூடத்திலும் இதையே கண்டிருக்கிறார்கள்.

இதற்காகக் குழாயை முழுக்க ஒதுக்கிவிடுவதும் தவறு என்பது எங்கள் கருத்து. நரம்பு முனைகள் குழாயின் சுவரில்தான் குடியிருக்கின்றன. அவை வேதிப்பொருளைச் சிந்துவதும் அங்கேதான். கிளர்ந்துபோன நரம்புக்குச் சாதாரணத் துடிப்பே வலியாகத் தெரியலாம். குனிந்தால், மாடிப்படி ஏறினால் வலி கூடுவதை அப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. ஆக, குழாய் வலி நடக்கும் களம். வலியைத் தொடங்கிவைப்பது நரம்பு.

அலை ஓடுவது வலி தெரியாத மூளையில். வலி நரம்பு இருப்பது வெளியே உறையில். ஒன்று மற்றதை எப்படி எழுப்புகிறது?

இதுதான் இத்துறையின் மையக் கேள்வி. எலிகளில் கிடைத்த விடைகள் மூன்று படிகளாக நிற்கின்றன.

முதலாவது, அது நடக்கிறது என்பதே. 2002-ல் மாஸ்கோவிட்ஸின் ஆய்வுக்கூடத்தில் போலாயும் சகாக்களும் புறணியில் ஓர் அலையைக் கிளப்பினார்கள். அதன் பின் உறைத் தமனியில் இரத்த ஓட்டம் கூடிப் பல நிமிடம் நீடித்தது. முக்கிளை நரம்பை வெட்டிவிட்டுச் செய்தபோது அது கூடவில்லை. குழாய் விரிந்தது காரணமல்ல, நரம்பு கிளர்ந்ததன் விளைவு என்பது இங்கே கண்ணெதிரே தெரிகிறது.

இரண்டாவது, தாமதம். 2010-ல் பாஸ்டனில் ஜாங், லெவி, பர்ஸ்டைன் ஆகியோர் உறை நரம்புகளில் நேரடியாக மின்முனை வைத்துக் கேட்டார்கள். அலை கடந்த பின், பதிவு செய்த நரம்புகளில் பாதியளவு விழித்துக்கொண்டன. ஆனால் உடனே அல்ல, சராசரியாகச் சுமார் 14 நிமிடம் கழித்து. மறு வருடம் மூளைத்தண்டில் உள்ள அடுத்த செல்களைக் கேட்டபோது தாமதம் சுமார் 25 நிமிடம். ஆரா தொடங்கி அரை மணிக்குள் வலி வருவதாகச் சொல்லும் நோயாளியின் கடிகாரத்தோடு இது ஒத்துப்போவதைப் பாருங்கள்.

மூன்றாவது, செய்தி போகும் வழி. அலையில் அடிபட்ட நரம்புச் செல்களில் பனெக்சின் என்ற வாசல்கள் திறந்து அழற்சிப் பொருள்கள் வெளியாவதை 2013-ல் காட்டினார்கள். அவை மெல்லிய உள்ளுறைகளைக் கடந்து டியூராவின் நரம்பு முனைகளை எட்டலாம். 2024-ல் கோப்பன்ஹேகனிலிருந்து வந்த எலி ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. அலைக்குப் பின் மூளைநீரில் சேரும் பொருள்கள் ஓட்டத்தோடு போய் ட்ரைஜெமினல் முடிச்சின் வேர்ப்பகுதியை அடைகின்றன. அங்கே பாதுகாப்புத் தடுப்பு இல்லை. உறையின் நரம்பு முனையைத் தொடாமலே, செல்களின் வாசலிலேயே செய்தி கிடைத்துவிடுகிறது. இரண்டு வழியும் ஒருசேர வேலை செய்யலாம். ஒன்று மற்றதை மறுக்கவில்லை.

சி.ஜி.ஆர்.பி. ஊசி என்று புதிதாகச் சொல்கிறார்களே, அது இதில் எங்கே வருகிறது?

கிளர்ந்த உறை நரம்பு சிந்தும் பொருள்தான் சி.ஜி.ஆர்.பி. என்ற சிறு புரதத்துணுக்கு. 1990-ல் கோட்ஸ்பியும் எட்வின்சனும் தாக்குதலின்போது கழுத்துச் சிரை இரத்தத்தில் அது கூடியிருப்பதைக் கண்டார்கள். 2002-ல் லாசன் குழு மைக்ரேன் உள்ளவர்களுக்கு அதைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தியபோது, சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மைக்ரேன் போன்ற வலியே வந்தது. அதன் ஏற்பியை அடைக்கும் எரெனுமாப் ஊசிக்கு 2018-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

கோட்பாட்டுக்கு இதில் ஒரு நல்ல பாடம் உண்டு. இந்த ஊசி மருந்துகள் பெரிய மூலக்கூறுகள்; மூளைக்குள் மிகச் சொற்பமே நுழைகின்றன. ஆனாலும் பலருக்கு வேலை செய்கின்றன. அப்படியானால் வலிச் சங்கிலியின் ஒரு முக்கியக் கண்ணி மூளைக்கு வெளியே, உறையிலும் முடிச்சிலும் இருக்க வேண்டும். வேலை செய்யாத நோயாளிகளும் கணிசமாக இருப்பதால், அது ஒன்றே வழி என்று சொல்லிவிடவும் முடியாது.

எனக்குத் தலைவலி மட்டும்தான், ஆரா வந்ததே இல்லை. எனக்கும் அந்த அலை ஓடுகிறதா?

மைக்ரேன் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் ஆரா வருகிறது. மற்றவர்களுக்கு, புறணியில் நம்மால் உணர முடியாத மூலையில் அலை ஓசையில்லாமல் ஓடுவதாகச் சிலர் கருதுகிறார்கள். எதிர்வாதமும் வலுவானது. டோனபெர்சாட் என்ற மருந்து ஆராவைக் குறைத்தது. ஆரா இல்லாத தலைவலியைக் குறைக்கவில்லை. வலியே இல்லாமல் ஆரா மட்டும் வந்துபோகிறவர்களும் உண்டு, வயதானவர்களில் குறிப்பாக. வலி தொடங்குவதற்கு முதல் நாளே கொட்டாவி, எரிச்சல், இனிப்பு ஆசை வருவதும் புறணி அலையால் விளக்கக்கூடியதல்ல. ஒருவரை 30 நாள் தொடர்ந்து ஸ்கேன் செய்த 2016-ஆம் ஆண்டு ஜெர்மன் ஆய்வில், வலிக்கு முந்தைய நாளில், பசியையும் தூக்கத்தையும் கவனிக்கும் மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸின் நடத்தை மாறியிருந்தது. எங்கள் மதிப்பீட்டில், அலை என்பது வலி நரம்பை எழுப்பக்கூடிய கதவுகளில் ஒன்று. வேறு கதவுகளும் இருக்கின்றன.

ட்ரிப்டான் மாத்திரையை ஆரா தொடங்கும்போதே போட்டுவிடலாமா?

வலி தொடங்கும்போது போடுவதே வழக்கமான அறிவுரை. சுமட்ரிப்டான் 6 மி.கி. ஊசியை ஆராவின்போதே கொடுத்துப் பார்த்த சோதனையில் ஆரா நீளவும் இல்லை, குறையவும் இல்லை; பின்னால் வந்த தலைவலியைத் தடுக்கவும் முடியவில்லை. உறை நரம்பு இன்னும் விழிக்காத நேரத்தில் மருந்து போய் நிற்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ரொம்பத் தாமதிப்பதும் கூடாது. வலி ஓரிரு மணி நேரம் நீடித்தால் மூளைத்தண்டின் செல்கள் தாமாகவே கிளர்ந்துகொள்ளத் தொடங்குகின்றன. அதன் அடையாளம், தலை சீவினால் வலிக்கும், கண்ணாடிக் காம்பு உறுத்தும், தலையணையில் பக்கம் வைக்க முடியாது. பர்ஸ்டைன் குழு இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. இந்தத் தோல் கூச்சம் வந்த பிறகு ட்ரிப்டான் வலியை முழுக்க எடுப்பது அரிது. ஆகவே ஆரா வந்தால் மாத்திரையைக் கையில் எடுத்து வையுங்கள். வலி மெல்ல எட்டிப்பார்க்கும்போது போடுங்கள்.

இதய இரத்தக் குழாய் அடைப்பு, பக்கவாதம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ட்ரிப்டான் கூடாது. மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ ட்ரிப்டானைத் தொடர்ந்து எடுத்தால் மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும். பாரசிட்டமால் போன்ற சாதாரண வலிமாத்திரைகளுக்கு அந்த எல்லை 15 நாள்.

ஆராவுக்கும் பக்கவாதத்துக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

அலையின் இயல்பை நினைவில் வைத்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஆரா ஊர்ந்து வரும்: ஓர் அறிகுறி விரிய 5 நிமிடமாவது எடுக்கும், ஒவ்வொன்றும் 5 முதல் 60 நிமிடம் நீடிக்கும், மினுக்கம் அல்லது ஊசி குத்துவதுபோன்ற உணர்வு என்று ‘கூடுதலாக’ ஏதோ ஒன்று இருக்கும். இரத்த ஓட்டம் அடைபட்டால் வருவது சட்டென்று, எல்லாம் ஒரே நொடியில், பெரும்பாலும் வெறும் இழப்பாக: பார்வை போயிற்று, கை விழுந்தது, வாய் கோணியது.

முதல் முறை ஆரா வந்தாலோ, அதுவும் 50 வயதுக்கு மேல் முதல் முறை என்றாலோ, ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலோ, கை கால் உண்மையாகவே பலமிழந்தாலோ, இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி என்றாலோ வீட்டில் உட்கார்ந்து தாளில் வரைய வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள், மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஆரா வரும் பெண்கள் கருத்தடை மாத்திரை கேட்கும்போது ஆராவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆரா உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏற்கெனவே சற்றுக் கூடுதல். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அதை மேலும் ஏற்றுகிறது, புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். புரோஜெஸ்டோஜென் மட்டும் உள்ள மாத்திரையோ காப்பர்-டி போன்ற வேறு முறையோ கிடைக்கும். “தலைவலி உண்டா?” என்று மட்டும் கேட்கப்பட்டு, “உண்டு” என்று மட்டும் பதில் சொன்னால் இந்த விஷயம் விடுபட்டுப் போகும். “கண்ணில் மினுக்கம் வந்து பிறகு தலைவலிக்கும்” என்று முழுதாகச் சொல்லுங்கள்.